பசு நி நொத்தே: உங்கள் பத்தியின் திருத்தம்

மகள், நேர்முகத் தேர்வுக்கு ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பிய அறிமுகப் பத்தியைப் பார்த்தேன். ஹிராகனா எழுத்தில் பிழை மிகக் குறைவு, சந்தோஷம். பிழையெல்லாம் இலக்கணத்தில்தான். எல்லாருக்கும் போனில் வாசிக்க இலகுவாகத் தமிழெழுத்தில் எழுதுகிறேன். உச்சரிப்புக்கு இதை நம்பாதீர்கள், வகுப்பில் கேட்டதை நம்புங்கள்.

நீங்கள் எழுதியது:

வதாஷி வா பத்திகரோஆ தே சுந்தே இமஸ். வதாஷி நோ ஒதோசான் வா ரியோஷி தெஸ். மிசுஊமி நி சகனா கா தக்சன் அரிமஸ். மைனிச்சி பசு தே நொத்தே, மாச்சி எ இகிமஸ். மாச்சி நி பென்கியோ ஷிமஸ். கினோ, ஒகாசான் நோ கரே வோ தபெமஷ்த. ஒய்ஷீ தெஷ்த. நிஹொங்கோ வோ சுகி தெஸ்.

மட்டக்களப்பில் இருக்கிறேன், அப்பா மீன்பிடி, வாவியில் நிறைய மீன், தினமும் பஸ்ஸில் ஏறி டவுனுக்குப் போகிறேன், டவுனில் படிக்கிறேன், நேற்று அம்மாவின் கறி சாப்பிட்டேன், ருசியாக இருந்தது, ஜப்பானிய மொழி பிடிக்கும். சொல்ல வந்தது நன்றாக விளங்குகிறது.

இதில் மூன்று பிழைக்குக் காரணம் நம்முடைய ‘இல்’. மட்டக்களப்பில் இருக்கிறேன், பஸ்ஸில் ஏறுகிறேன், டவுனில் படிக்கிறேன். நமக்கு எல்லாம் ஒரே ‘இல்’. ஜப்பானியர் அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஓரிடத்தில் இருப்பது, குடியிருப்பது, ஒன்றின் மேல் போய்ச் சேர்வது என்றால் ‘நி’. ஓரிடத்தில் ஒரு வேலை நடந்தால் ‘தே’. அதனால் குடியிருப்பது பத்திகரோஆ நி, படிப்பது மாச்சி தே. இரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் ஏறுவதும் பஸ்ஸின் மேல் போய்ச் சேர்வதுதான், ஆகவே பசு நி நொத்தே. ஆனால் ஏறுவதை விட்டுவிட்டு ‘பஸ்ஸில் போகிறேன்’ என்று மட்டும் சொன்னால் பசு தே இகிமஸ். அங்கே பஸ் ஒரு கருவி, ‘கத்தியால் வெட்டினேன்’ என்பதில் வரும் ‘ஆல்’ மாதிரி. ஒரே பஸ்ஸுக்கு இரண்டு உருபு. குழம்பத்தான் செய்யும், ஒரு மாதம் போனால் சரியாகிவிடும். (தமிழெழுத்தில் வாசித்தால் நீங்கள் தினமும் மாட்டில் ஏறி டவுனுக்குப் போவது போல இருக்கிறது. அது என் எழுத்தின் பிழை, உங்களுடையது அல்ல.)

இமஸ், அரிமஸ் இரண்டுக்கும் ‘இருக்கிறது’ என்றுதான் பொருள். மீனுக்கு அரிமஸ் போட்டது உயர்திணை, அஃறிணை என்று படித்த பழக்கத்தால்தான். நமக்கு மீன், மாடு, மேசை எல்லாம் அஃறிணை. அவர்களுக்குக் கோடு வேறு இடத்தில் விழுகிறது: உயிரோடு தானாக அசைவது எல்லாம் இமஸ், மற்றது அரிமஸ். மரத்துக்கு உயிர் இருந்தாலும் அது அசைந்து போகாது, அதனால் அரிமஸ். கல்லடிப் பாலத்தின் கீழே நீந்துகிற மீன் இமஸ். அதே மீனை உங்கள் அப்பா பிடித்துச் சந்தைப் பலகையில் போட்டுவிட்டால் அரிமஸ். பாடும் மீனைப் பற்றிச் சொல்வதென்றால் கட்டாயம் இமஸ்!

ஒதோசான், ஒகாசான் என்பவை மற்றவருடைய அப்பா, அம்மா. வீட்டுக்குள் கூப்பிடவும் அதுதான். நேர்முகத் தேர்வில் வெளியாரிடம் நம் வீட்டாரைச் சொல்லும்போது சான் போட்டு உயர்த்துவதில்லை. அப்பா சிச்சி, அம்மா ஹஹா. ‘சிச்சி’ என்று அப்பாவைச் சொல்ல நமக்கு வாய் கூசும், எனக்கும் முதலில் கூசியது.

கறி ருசியாக இருந்தது: தமிழில் ‘ருசியாக’ மாறாது, ‘இருந்தது’தான் காலத்தைக் காட்டும். அங்கே தலைகீழ். ஒய்ஷீ என்ற சொல்லே இறந்த காலத்துக்கு மாறி ஒய்ஷிகத்தா ஆகிவிடும், பின்னால் வரும் தெஸ் மரியாதைக்கு மட்டும், அது அசையாது. ஆனால் ‘இ’யில் முடிகிற எல்லாம் இப்படி மாறாது. கிரேய் என்ற சொல் ஏமாற்றும், அதற்குக் கிரேய் தெஷ்த சரி.

கடைசி வரியில் ‘வோ’ வேண்டாம், ‘கா’ போடுங்கள். ‘மொழியை விரும்புகிறேன்’ என்று யோசித்ததால் வந்த வினை. ‘எனக்கு மாம்பழம் பிடிக்கும்’ என்கிறோமே, மாம்பழத்துக்கு ‘ஐ’ இல்லையே, அந்த மாதிரி யோசியுங்கள்.

திருத்திய பத்தி:

வதாஷி வா பத்திகரோஆ நி சுந்தே இமஸ். சிச்சி வா ரியோஷி தெஸ். மிசுஊமி நி சகனா கா தக்சன் இமஸ். மைனிச்சி பசு நி நொத்தே, மாச்சி எ இகிமஸ். மாச்சி தே பென்கியோ ஷிமஸ். கினோ, ஹஹா நோ கரே வோ தபெமஷ்த. ஒய்ஷிகத்தா தெஸ். நிஹொங்கோ கா சுகி தெஸ்.

இதை ஹிராகனாவில் எழுதும்போது ‘வதாஷி வா’வில் வருகிற வாவுக்கு ‘ஹ’ எழுத்து, ‘மாச்சி எ’யில் வருகிற எ-வுக்கு ‘ஹெ’ எழுத்து. இரண்டாவதை மறந்திருக்கிறீர்கள். புதன்கிழமை வரும்போது உங்கள் வீட்டு மாடு, கோழி, தோணி, தென்னை நான்கையும் பற்றி ஒவ்வொரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். எது இமஸ், எது அரிமஸ் என்று பார்ப்போம்.