கவினின் விடுப்புக் கடிதம்

சுங்கை சிப்புட்,
16 ஜூலை 2025

2ஆம் ஆண்டு வகுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம் டீச்சர். கவின் நேற்று, செவ்வாய்க்கிழமை, காய்ச்சலால் பள்ளிக்கு வரவில்லை. திங்கள் இரவே உடம்பு சுட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு, அவன் அப்பா செம்பனை ஆலைக்குக் கிளம்பும் நேரத்தில் பார்த்தபோது 38.6 டிகிரி. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து நின்றவனை நான்தான் படுக்க வைத்தேன்.

டிங்கியாக இருக்குமோ என்று எனக்கு ஒரே பயம். கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். டிங்கி இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான் என்றார் டாக்டர். மாலையில் கஞ்சி குடித்தான். அப்புறம் காய்ச்சல் திரும்பவில்லை. ஒரு நாள் எம்.சி.யை இதோடு இணைத்திருக்கிறேன்.

இன்று வருகிறான், ஆனால் முகம் இன்னும் வாடித்தான் இருக்கிறது. வெயிலில் ஓடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். உடற்கல்வி நேரத்தில் அவனை உட்கார வையுங்கள் டீச்சர். பையில் வெந்நீர்ப் போத்தல் இருக்கிறது, அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள். மறுபடி உடம்பு சுட்டால் உடனே கூப்பிடுங்கள், வந்து அழைத்துக்கொள்கிறேன்.

நேற்று நடத்திய மலாய்ப் பாடத்தின் பக்க எண்ணை அவன் புத்தகத்தில் குறித்துவிட்டால் போதும், இரவு எழுத வைக்கிறேன். சொல்வதெழுதுதலை விட்டுவிட்டோமே என்று அவனுக்குத்தான் பெரிய கவலை.

மிக்க நன்றி டீச்சர்.

இப்படிக்கு,
கவினின் அம்மா