ஒரே தவறான விடை, இரண்டு வேறு உதவிகள்

கற்பித்தல் பயிற்சி: மீள்நோக்குக் குறிப்பேடு
வகுப்பு: ஆறாம் வகுப்பு, கணிதம்
பாடம்: வேற்றினப் பின்னங்களை ஒப்பிடுதல்
என் பங்கு: உற்றுநோக்கல் மட்டும்
உற்றுநோக்கலின் மையம்: தவறான விடைக்கு ஆசிரியர் எப்படி எதிர்வினை ஆற்றுகிறார்

நடந்தது

வழிகாட்டி ஆசிரியை பலகையில் எழுதிய கேள்வி ஒரே வரிதான்: 3/4, 5/8 இவற்றில் எது பெரியது? விடையோடு நிறுத்தாமல், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்பதைப் படமாகவோ வாக்கியமாகவோ காட்டச் சொன்னார். பலர் 5/8 என்று எழுதியிருந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அப்படி எழுதிய இருவரின் நோட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. ஒருவர் மாணவி, மற்றவர் மாணவன். பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை.

மாணவி இரண்டு பட்டைகள் வரைந்திருந்தாள். ஒன்றில் நான்கு கட்டங்கள், மூன்றுக்கு நிழல். இன்னொன்றில் எட்டுக் கட்டங்கள், ஐந்துக்கு நிழல். ஆனால் எல்லாக் கட்டங்களும் ஒரே அளவு என்பதால், எட்டுக் கட்டப் பட்டை நான்கு கட்டப் பட்டையைப் போல இரு மடங்கு நீளமாகிவிட்டது. அவள் படத்தின்படி 5/8தான் பெரியது. ஆசிரியை குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “ரெண்டுக்கும் முழுசு எதும்மா? காட்டு பார்ப்போம்.” மாணவி முதல் பட்டையின் இரு முனைகளிலும் விரல் வைத்தாள், பிறகு இரண்டாவதில். விரல் அங்கேயே நின்றது. ஆசிரியை எதுவும் சொல்லாமல் நகர்ந்துவிட்டார். அவள் இரண்டாவது பட்டையை அழித்து, முதலாவதன் நீளத்துக்கே மறுபடி வரைந்து எட்டாகப் பிரித்தாள்.

மாணவன் படம் எதுவும் வரையவில்லை. “5, 3-ஐ விடப் பெரியது. 8, 4-ஐ விடப் பெரியது” என்று எழுதியிருந்தான். ஆசிரியை அவனிடமும் முதலில் ஒரு கேள்வியோடுதான் தொடங்கினார்: “எட்டுல ஒரு பாகம், நாலுல ஒரு பாகம். எதுப்பா பெருசு?” “எட்டு” என்றான். பக்கத்தில் இருந்தவன் திரும்பி, “குறுக்கே பெருக்குடா, மூவெட்டு இருபத்தி நாலு, ஐநாலு இருபது, அவ்வளவுதான்” என்றான். மாணவன் நோட்டைக் கையால் மூடிக்கொண்டான்.

ஆசிரியை பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சம நீளத்தில் இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்தார். முதல் பட்டையை அவரே இரண்டாக, பிறகு நான்காக மடித்து விரித்து, மூன்று பாகங்களுக்கு நிழலிடச் சொன்னார். இரண்டாவதை நான்கு வரை மடித்துக் கையில் கொடுத்து, “இன்னொரு தடவை மடிச்சா எத்தனை பாகம் வரும்?” என்றார். “எட்டு.” அவனே மடித்தான், விரித்தான், ஐந்துக்கு நிழலிட்டான். ஆசிரியை இரண்டு பட்டைகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பாகத்தை மட்டும் பேனா முனையால் தொட்டார். “மடிக்க மடிக்கச் சின்னதாகுது மிஸ்” என்று அவனே சொன்னான்.

அடுத்து 1/2, 3/8. இந்த முறை பட்டைகள் கிடைத்தன, மடித்துத் தரவில்லை. அவன் தானே மடித்து 1/2 என்றான். அதற்கடுத்து 3/4, 7/8. இதற்குப் பட்டை தரப்படவில்லை. “7/8” என்றான். “எப்படிச் சொல்றே?” சற்று நேரம் எடுத்தது. “ரெண்டுலயும் ஒரு பாகம்தான் மிச்சம். எட்டுல ஒண்ணு சின்னது. அதனால 7/8-ல குறைவாத்தான் மிச்சம்.” முன்பு மடித்த பட்டைகள் இன்னும் மேசை மேல் கிடந்தன. சொல்லும்போது அவன் பார்வை அவற்றின் நிழலிடாத பாகங்கள் மேல் இருந்தது.

கோட்பாட்டின் வழியே பார்க்கும்போது

1934-இல் மறைந்த உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி தரும் ஓர் உதாரணம் இந்த வகுப்பறைக்கு மிக நெருக்கமானது. சோதனையில் எட்டு வயதுக்குரிய மனவளர்ச்சியில் இருப்பதாகத் தெரியும் இரண்டு குழந்தைகள். உதவி கிடைத்தால் ஒரு குழந்தை பன்னிரண்டு வயதுக்குரிய கணக்குகள் வரை செய்கிறது. மற்றது ஒன்பது வயதுக்குரியவை வரைதான். இவர்கள் இருவரையும் ஒரே நிலையில் இருப்பவர்கள் என்று சொல்ல முடியுமா என்பது அவர் கேள்வி. தனியாகச் செய்ய முடிவதற்கும் உதவியோடு செய்ய முடிவதற்கும் இடையிலான அந்தத் தூரத்தைத்தான் அண்மை வளர்ச்சி மண்டலம் என்கிறார்.

5/8 என்ற விடையை மட்டும் வைத்துத் திருத்தினால் மாணவிக்கும் மாணவனுக்கும் ஒரே சிவப்புக் கோடுதான் விழும். பாகங்கள் சேர்ந்து முழுமை ஆகின்றன என்பதை மாணவி அறிவாள். ஒப்பிடும்போது முழுமை மாறக்கூடாது என்பதைத்தான் கவனிக்கவில்லை. மாணவனுக்குப் பின்னம் இன்னும் ஒற்றை எண்ணாகவே ஆகவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு முழு எண்களாகவே நிற்கிறது. வைகாட்ஸ்கியின் உதாரணம் உதவியால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பேசுகிறது. இந்த வகுப்பைப் பார்த்தபின், எங்கிருந்து புறப்படுகிறார்கள் என்பதும் அதே அளவு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மாணவியிடம் கேட்ட கேள்வியை மாணவனிடம் கேட்டிருந்தால் அவனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. அவன் நோட்டில் விரல் வைத்துக் காட்ட முழுமை என்று எதுவும் இல்லை.

கற்பவருக்குத் தேவையான அளவு தந்து பிறகு விலக்கிக்கொள்ளும் உதவியைக் குறிக்கும் சாரக்கட்டு என்ற கருத்தை 1976-இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதிய கட்டுரை முன்வைத்தது. மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் 21 மரக்கட்டைகளைக் கொண்டு ஒரு பிரமிடு கட்டுவதற்கு ஒருவர் உதவுவதை அவர்கள் ஆராய்ந்தார்கள். உதவுபவர் செய்பவற்றை ஆறு பணிகளாகப் பிரித்தார்கள். அவற்றில் நான்கை நான் அந்த மேசையில் பார்த்தேன். நான்கு வரை மடித்துக் கொடுத்தது வேலையின் சுமையைக் குறைத்தது. மாணவனுக்கு எஞ்சியது ஒரே மடிப்பு. முதல் பட்டை செய்துகாட்டல். பேனா முனை, எதைப் பார்க்க வேண்டும் என்பதை அடையாளம் காட்டியது. நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்ததை நான் முதலில் குறித்தே வைக்கவில்லை. குறிப்புகளை மறுபடி படிக்கும்போதுதான், நோட்டைக் கையால் மூடியவனின் மனச்சோர்வைத் தணித்த செயல் அது என்று புரிந்தது. ஒரு வார்த்தை ஆறுதல்கூடச் சொல்லாமல் அது நடந்தது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உதவி விலகிய விதம். வுட் பின்னர் சகாக்களோடு செய்த ஆய்வுகளில் வலியுறுத்திய விதி எளிமையானது: கற்பவர் தடுமாறினால் உதவியை ஒரு படி கூட்டு, வென்றால் ஒரு படி குறை. மாணவனிடம் கேள்வி பலிக்காதபோது ஆசிரியை செய்துகாட்டலுக்கு ஏறினார். பிறகு ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு படி இறங்கினார்: மடித்த பட்டை, மடிக்காத பட்டை, பட்டையே இல்லை.

அவர் தேர்ந்த எண்களும் தற்செயலானவை அல்ல. முழு எண் போல நினைப்பவன் 1/2, 3/8 கணக்கில் 3/8 என்றுதான் சொல்வான். ஆகவே அங்கே கிடைத்த சரியான விடை புதிய புரிதலின் சான்று. 3/4, 7/8 கணக்கு அப்படியல்ல. 7 பெரியது, 8 பெரியது என்ற பழைய வழியிலேயே போனாலும் 7/8 என்ற சரியான விடை வந்துவிடும். “எப்படிச் சொல்றே?” என்ற கேள்வி இல்லாமல் அந்த விடைக்கு மதிப்பில்லை. மாணவன் சொன்ன காரணம் யாரும் அவனுக்குச் சொல்லித்தராதது. மிச்சத்தை ஒப்பிடும் வழியை ஆசிரியை காட்டவே இல்லை.

குறுக்கே பெருக்கச் சொன்ன நண்பனின் உதவியையும் இங்கே எடைபோட வேண்டும். திறன் மிக்க சக மாணவரும் உதவலாம் என்பது வைகாட்ஸ்கியின் வரையறையிலேயே உண்டு. நண்பன் சொன்ன வழி சரிதான், விடையும் சரிதான். ஆனால் அவன் எதிரே இருப்பவனின் நோட்டைப் பார்க்கவில்லை. தடுமாற்றம் எங்கே என்று பார்க்காமல் தரும் உதவி, எவ்வளவு சரியாக இருந்தாலும், சாரக்கட்டு ஆகாது என்பது என் முடிவு. சக மாணவர் உதவியை வகுப்பில் ஏற்பாடு செய்வதானால், முதலில் கேட்கவும் பார்க்கவும் அவர்களைப் பழக்க வேண்டும்.

இந்தக் கோட்பாடு விளக்காத இடங்கள்

அண்மை வளர்ச்சி மண்டலத்தை நடந்து முடிந்த பிறகு சொல்வது சுலபம். மாணவன் வெற்றி பெற்றதால் அது அவன் மண்டலத்துக்குள் இருந்தது என்கிறேன். தோற்றிருந்தால் வெளியே இருந்தது என்பேன். ஆசிரியையோ முன்கூட்டியே தெரிந்து தொடங்கவில்லை. கேள்வி கேட்டு, பதிலைப் பார்த்து, அடுத்த படியைத் தீர்மானித்தார். இந்த வகையில் வகுப்புக்குள் கையாளக்கூடிய கருவியாக எனக்குப் படுவது வுட்டின் விதிதான்; மண்டலம் என்ற கருத்து பின்னணியில் நின்று ஏன் அப்படி என்று சொல்கிறது.

மாணவியைப் பற்றியும் அவசரப்பட்டு எழுத விரும்பவில்லை. ஒரு கேள்வியில் படத்தைத் திருத்திக்கொண்டாள். அந்தத் திருத்தம் அடுத்த கணக்கிலும் நின்றதா என்பதை நான் பார்க்கவில்லை. மாணவனைப் பற்றி இருக்கும் அளவு சான்று அவளைப் பற்றி என்னிடம் இல்லை. குறைந்த உதவி போதுமானவர்களை நாம் குறைவாகவே பின்தொடர்கிறோம். ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும், கையைத் தூக்கியபடி காத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

என் பாடத்திட்டத்தில்

அடுத்த வாரம் நான் எடுக்கப்போவது வேற்றினப் பின்னங்களின் கூட்டல். 1/2 + 1/4 என்று கொடுத்தால், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டி 2/6 என்று சிலர் எழுதுவார்கள் என எதிர்பார்க்கிறேன். அப்படிக் கூட்டினால் வருவது எப்போதும் அந்த இரண்டு பின்னங்களுக்கு நடுவிலோ அவற்றுக்குச் சமமாகவோதான் இருக்கும். ஆகவே தவறான வழி இங்கே ஒருபோதும் சரியான விடை தராது. ஒப்பிடுதலில் இருந்த பொறி இதில் இல்லை. ஆனால் பொது மடங்கு விதியை மனப்பாடமாகச் செய்து சரியான விடை எழுதுபவர்கள் இருப்பார்கள் என்பதால் படமும் கேட்பேன்.

உதவியை மூன்று படிகளாகத் தயார் செய்கிறேன். முதலில் கேள்வி மட்டும்: “1/2-வோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கோம். உன் விடை 1/2-ஐ விடப் பெருசா, சின்னதா?” அது போதாதவர்களுக்கு மடிக்காத பட்டைகள். அதற்கும் அடுத்ததாக, 1/2 பட்டையை இன்னொரு முறை சேர்ந்து மடித்தல். இறங்கும் வழி: 1/2 + 3/8 கணக்குக்கு மடிக்காத பட்டை, 1/4 + 3/8 கணக்குக்குப் பட்டை இல்லை. யாருக்கு எந்தப் படி தேவைப்பட்டது என்று வகுப்புப் பட்டியலின் ஓரத்தில் 1, 2, 3 எனக் குறிப்பேன். 1 என்று குறிக்கப்பட்டவர்களுக்கும் பட்டையில்லாக் கணக்கு கட்டாயம் உண்டு.

வழிகாட்டி ஆசிரியையிடம் கேட்க வேண்டியவை இரண்டு. மாணவனிடம் மூன்றாவது கணக்கிலேயே பட்டையை நிறுத்தலாம் என்று எதைப் பார்த்து முடிவு செய்தார்? கையைத் தூக்கிக் காத்திருந்தவர்களை அந்த நேரத்தில் எப்படிக் கணக்கில் வைத்திருந்தார்?