கம்பில மாட்டின காத்தாடி

இந்த போட்டோவ பாரேன் பாப்பா, மேல கரண்ட் கம்பில செவப்பா ஒன்னு தொங்குதுல்ல, அதான் நம்ம காத்தாடி, வாலு மட்டும் மஞ்ச கலரு.

காசிமேட்டுல ஒரு மொட்டை மாடிலேந்து ஜம்முனு பறந்துச்சாம், கடல் காத்து ஒரே தள்ளா தள்ளுச்சா, நூலு டப்புனு அந்து போச்சு. அப்புறம் என்ன, பறந்து பறந்து கம்பில மாட்டிக்கிச்சு!

"ஐயோ யாராச்சும் வாங்களேன்"னு கத்துச்சு. கீழ முட்டிக்கு மேல டவுசர் போட்ட ஒரு குட்டிப் பையன் ஓடியாந்தான், கைல நீட்டு தொரட்டி.

"டேய் டேய், கீழ போடுடா! அதுல கரண்ட் ஓடுது, தொட்டா தூக்கி அடிச்சிரும்"னு இட்லி கடை ஆயா ஒரு சத்தம் போட்டாங்க பாரு, தெரு நாயே எழுந்து உக்காந்துருச்சு.

"அப்ப காக்கா மட்டும் உக்காருது?"

"அது ரெண்டு காலையும் ஒரே கம்பில வெச்சிருக்குடா, தரையத் தொடல. நீ தரைல நிக்கிற, தொரட்டியால இழுத்தா கரண்ட் உன் வழியா எறங்கிரும்."

காக்கா "கா"ன்னுச்சு. பெருமை அதுக்கு.

ஆயா ஈபிக்கு போன் பண்ணாங்க. லைன்மேன் அண்ணன் வந்து, கரண்ட ஆஃப் பண்ணி, பெரிய கிளவுஸ் மாட்டி, ஏணில ஏறி மெதுவா எடுத்தாரு. தெருல ஃபேன் எல்லாம் நின்னு போச்சு, எல்லாரும் வெளில வந்து வேடிக்க.

காத்தாடிக்கு ஒரு காது கிழிஞ்சிருந்துச்சு. பையன் சோத்துப் பருக்கைய தேச்சு பேப்பர் ஒட்டினான்.

நாளைக்கு பீச்சு மணல்ல விடுவானாம். அங்க கம்பியே இல்ல.