நகர்படி

துபாய் மெட்ரோவில் உட்கார இடமில்லை. ஒரு கை கம்பியில், மறு கையில் போன். குரூப் 4 தேர்வுக்கு விடுப்பே இன்னும் கிடைக்கவில்லை. சரவணன் வினாத்தாளை விடவில்லை.

'பொற்குடம்' - இலக்கணக் குறிப்பு? பண்புத்தொகை என்று தட்டினான். சிவப்பு.

பொன்னின் நிறத்தைப் பார்த்து ஏமாந்தது மூன்றாவது முறை. விரித்துப் பார்த்தால் 'பொன்னால் ஆகிய குடம்': 'ஆல்' உருபும் 'ஆகிய' என்ற பயனும் சேர்ந்தே மறைந்திருக்கின்றன. மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இவ்வளவு நீளப் பெயரை யார்தான் வைத்தார்களோ!

பிசினஸ் பே. இன்வாய்ஸ்கள் காத்திருக்கும். இறங்கினான். எஸ்கலேட்டரைத் தமிழில் என்ன சொல்லலாம்? நகர்படி. நகர்ந்த படி, நகர்கின்ற படி, நகரும் படி.

"வினைத்தொகை" என்றான் சத்தமாக. முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.