மகேஷ், உன் இயற்பியல் தாள் பற்றி

அன்புள்ள மகேஷ்,

நேற்று தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "விடை எல்லாம் சரியாத்தானே இருக்கு அக்கா, அப்புறம் ஏன் 18½?" என்று கேட்டாய். அடுத்த பேட்ச் பிள்ளைகள் வந்துவிட்டதால் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நீயும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய். அதனால் எழுதியே தருகிறேன். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

முதலில் ஒன்று. நீ கேட்டது நியாயமான கேள்வி. இந்த 25 மதிப்பெண் தாளில் நீ தப்பாகப் போட்ட விடை ஒன்றுகூட இல்லை. ஒரு மதிப்பெண் கேள்விகள் ஐந்தும் சரி, சிறுவினாக்கள் மூன்றும் முழுசாகச் சரி. போன 6½ மதிப்பெண்ணும் நாலு கணக்குகளில்தான் போயிருக்கிறது. அந்த நாலிலும் கடைசி எண் சரி.

கார் கணக்கை எடுத்துக்கொள். 1200 கிகி நிறையுள்ள கார், மணிக்கு 72 கிமீ வேகம், பிரேக் போட்டதும் 5 வினாடியில் நிற்கிறது, பிரேக் செலுத்திய விசையின் அளவு என்ன என்று கேட்டிருந்தேன். நீ எழுதியது ஒரே வரி:

20 × 1200 / 5 = 4800

நாலு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவுதான். அந்த 20 எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஓரத்தில் நீ பென்சிலில் 72 × 5/18 போட்டு அழித்திருக்கிறாய், தாளைச் சாய்த்துப் பிடித்தால் தடம் தெரிகிறது. ஆனால் அழித்ததற்கு நான் மதிப்பெண் போட முடியாதே. தரவுக்கும் அலகு மாற்றத்துக்கும் 1, சூத்திரத்துக்கு 1, பிரதியிட்டதற்கு 1, விடைக்கு ½, அலகுக்கு ½ என்று பிரித்துத்தான் திருத்தினேன். உனக்குக் கிடைத்தது பிரதியிட்டதற்கு 1, விடைக்கு ½. ஆக 1½.

இதே கணக்கில் உன் பேட்ச்சில் ஒரு பிள்ளை கடைசி வரியில் ஒரு சுழியை விட்டுவிட்டு 480 N என்று முடித்திருக்கிறது. அதற்கு 3½ போட்டேன். தப்பான விடைக்கு 3½, சரியான விடைக்கு 1½ என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். ஆனால் அந்தத் தாளைப் படித்தால், இந்தப் பிள்ளைக்கு கிமீ/மணியை மீ/வினாடியாக மாற்றத் தெரியும், முடுக்கம் கண்டுபிடிக்கத் தெரியும், F = ma எங்கே போட வேண்டும் என்று தெரியும், பெருக்கும்போது கை தவறிவிட்டது என்று எனக்கு விளங்குகிறது. உன் தாளைப் படித்தால் 4800 என்ற எண் மட்டும்தான் தெரிகிறது. நீ நன்றாகப் படிக்கிற பையன் என்பது எனக்குத் தெரியும். பொதுத்தேர்வுத் தாளைத் திருத்துகிறவருக்கு உன்னைத் தெரியாது, அவர் கையில் தாள் மட்டும்தான் இருக்கும்.

இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் வந்திருக்கும்:

```
m = 1200 kg,  t = 5 s,  v = 0
u = 72 km/h = 72 × 5/18 = 20 m/s

a = (v – u)/t = (0 – 20)/5 = –4 m/s²

F = ma = 1200 kg × (–4 m/s²) = –4800 N
விசையின் அளவு = 4800 N
```

எண்ணிப் பார், ஐந்து வரி. கழித்தல் குறி, காரின் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் விசை செயல்படுகிறது என்பதைக் காட்டுகிறது. அளவைத்தான் கேட்டிருந்தேன் என்பதால் குறி இல்லாததற்கு நான் எதுவும் குறைக்கவில்லை.

அலகை எழுதச் சொல்வது திருத்துகிறவருக்காக மட்டும் என்று நினைக்காதே, உனக்குத்தான் அது அதிகம் உதவும். அவசரத்தில் 72-ஐ மாற்றாமல் அப்படியே போட்டிருந்தால் 1200 × 72 / 5 = 17,280 என்று வந்திருக்கும். எண்ணை மட்டும் பார்த்தால் அதில் ஒரு சந்தேகமும் வராது. 72 பக்கத்தில் km/h என்று எழுதியிருந்தால், கீழே வினாடி, மேலே மணி, இது எப்படி நியூட்டன் ஆகும் என்று உன் கண்ணிலேயே பட்டிருக்கும்.

லென்சுக் கணக்கும் இதே கதைதான். குவியத் தொலைவு 40 செமீ உள்ள குவிலென்சின் திறன் என்ன? நீ "2.5" என்று மட்டும் எழுதியிருக்கிறாய், ½ கிடைத்தது. மனசுக்குள் செமீயை மீட்டராக்கி 1/0.4 போட்டிருக்கிறாய், அது நல்லது. மாற்றாமல் 1/40 போட்டால் 0.025 வரும், நூறு மடங்கு வித்தியாசம். இந்தக் கேள்வி சோதிப்பதே அந்த மாற்றத்தைத்தான், அதைத்தான் நீ தாளில் காட்டவில்லை. f = 40 cm = 0.4 m, P = 1/f = 1/0.4 = +2.5 D என்று எழுத அரை நிமிடம் ஆகுமா? கண் டாக்டர் கண்ணாடிச் சீட்டில் +2.5 என்று மட்டும்தானே எழுதுகிறார் என்று நீ கேட்கலாம். அந்தச் சீட்டில் வருகிற எண் எப்போதும் டையாப்டர்தான், கடைக்காரருக்கும் அது தெரியும். உன் தாளில் ஒரு கேள்விக்கு நியூட்டன், அடுத்ததற்கு ஓம், அதற்கடுத்ததற்கு டையாப்டர்.

அயன்பாக்ஸ் கணக்கில் 1.5 × 2 × 30 = 90 என்று முடித்துவிட்டாய். 1500 வாட் அயன்பாக்ஸ், தினம் 2 மணி நேரம், 30 நாள். 90 என்ன? 90 ஜூல் என்றால் ஒன்றுமே இல்லை, அந்த அயன்பாக்ஸ் ஒரு வினாடியிலேயே 1500 ஜூல் இழுத்துவிடும். 90 கிலோவாட் மணி என்றால் 3.24 × 10⁸ ஜூல், வீட்டுக் கரண்ட் பில்லில் வருகிற 90 யூனிட். E = P × t என்ற சூத்திரமும் இல்லை, அலகும் இல்லை, அதனால் 1 போனது.

இனி நான் உண்மையிலேயே கவலைப்பட்ட இடம். மின்சுற்றுக் கணக்கில் 10 ஓமும் 15 ஓமும் பக்க இணைப்பில், அதோடு 4 ஓம் தொடரிணைப்பில், மின்கலத் தொகுப்பு 20 வோல்ட். நீ இப்படி எழுதியிருக்கிறாய்:

1/R = 1/10 + 1/15 = 6

மகேஷ், 1/10 + 1/15 என்பது 6 ஆகாது. அது 5/30, அதாவது 1/6. R தான் 6. மனசுக்குள் நீ பின்னத்தைத் தலைகீழாக்கிவிட்டாய், கை அதை எழுதவில்லை. அடுத்த வரியில் 6 + 4 = 10, 20/10 = 2 என்று எல்லாம் சரியாக வந்துவிட்டது. ஆனால் தாளில் இருக்கிற வரி பொய்யான வரி. படி விட்டுப்போனதை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டேன், சமக்குறியை இப்படிப் போடுவதைக் கட்டாயம் எடுத்துக்கொள்வேன். சமக்குறிக்கு இரண்டு பக்கமும் உண்மையிலேயே சமமாக இருக்க வேண்டும். "அடுத்து வருவது இது" என்று காட்டுகிற அம்புக்குறியாக அதைப் பயன்படுத்தாதே. இந்தப் பழக்கம் பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் இயற்பியலிலும் கணிதத்திலும் உன்னைப் பாடாய்ப் படுத்தும். அந்த வரிக்கு 1 குறைத்தேன், ஓம், ஆம்பியர் இரண்டுமே இல்லாததற்கு ½.

```
1/Rp = 1/10 + 1/15 = (3 + 2)/30 = 1/6
Rp = 6 Ω
R = 6 + 4 = 10 Ω
I = V/R = 20/10 = 2 A
```

ஒளிவிலகல் எண் கணக்கில் மட்டும் ஏன் முழு மதிப்பெண் போட்டேன் என்று பார்த்தாயா? அங்கேயும் நீ அலகு எழுதவில்லை. ஆனால் μ = c/v என்று எழுதி, 3 × 10⁸ / 2 × 10⁸ என்று பிரதியிட்டு 1.5 என்று முடித்திருக்கிறாய். திசைவேகத்தைத் திசைவேகத்தால் வகுக்கும்போது மீ/வி மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போகிறது, அதனால் அதற்கு அலகே கிடையாது. இந்தக் கடிதத்தைப் படித்த வேகத்தில் அடுத்த தேர்வில் 1.5-க்குப் பக்கத்திலும் ஏதாவது எழுதிவைத்துவிடாதே!

ஒரு நடந்த சம்பவம் சொல்கிறேன். 1983-இல் கனடாவில் ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும்போதே எரிபொருள் தீர்ந்து இரண்டு இன்ஜினும் நின்றுவிட்டன. பயணத்துக்கு 22,300 கிலோகிராம் எரிபொருள் வேண்டும். டேங்கில் இருக்கிற லிட்டரை எடையாக மாற்றிக் கணக்கிட்டவர்கள் 1.77 என்ற எண்ணால் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்கிற எண். கிலோகிராமில் என்றால் சுமார் 0.8 தான். பெருக்கல் சரி, கணக்கில் வந்த எண்ணும் சரி. ஆனால் டேங்கில் இருந்தது 22,300 பவுண்டு, அதாவது தேவையில் பாதிகூட இல்லை. கிம்லி என்ற ஊரில் இருந்த பழைய விமானத் தளத்தில், இன்ஜின் இல்லாமலே விமானி இறக்கிவிட்டார், யாரும் சாகவில்லை. அந்த 1.77-க்குப் பக்கத்தில் என்ன அலகு என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

நீ ஏன் படிகளை விடுகிறாய் என்றும் எனக்குத் தெரியும். உனக்கு மனக்கணக்கு வேகமாக வரும், எழுதுவது நேர விரயமாகத் தோன்றுகிறது. சரி, வேகம் இருக்கட்டும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தேர்வில் நீ பதினைந்து நிமிடம் முன்னாலேயே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாய். இந்த நாலு கணக்கையும் விரித்து எழுத ஐந்து நிமிடம் போதும்.

பொதுத்தேர்வில் இரண்டு மதிப்பெண் பகுதியில் 22-வது கேள்வி கட்டாய வினா, அங்கே கணக்கு வர வாய்ப்பு அதிகம். அதை விட்டுவிட்டு வேறொன்றை எழுத முடியாது. அதில் விடையை மட்டும் எழுதிவைத்து ½ வாங்கிக்கொண்டு வந்தால் எனக்கு மனசு ஆறாது.

வியாழக்கிழமை வரும்போது இந்த நாலு கணக்கையும் தனித்தாளில் எழுதிக்கொண்டு வா. கார், மின்சுற்று இரண்டையும் மேலே நானே போட்டுக் காட்டிவிட்டேன், அதனால் அவற்றில் எண்ணை மாற்றிக்கொள்: காருக்கு 54 கிமீ/மணி, 1000 கிகி, 3 வினாடி; மின்சுற்றில் 6 ஓமும் 12 ஓமும் பக்க இணைப்பு, தொடரில் 2 ஓம், மின்கலத் தொகுப்பு 12 வோல்ட். ஓரத்தில் போடுகிற கணக்கைப் பேனாவிலேயே போடு, அழிக்காதே. பாடம் தொடங்குவதற்கு முன்னால் உன்னோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
டியூஷன் அக்கா