சிவில் ஜூனியர் வேலைக்கான உன் ரெஸ்யூம்

தம்பி,

ரெஸ்யூமையும் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அவர்கள் கேட்பது பார் கவுன்சில் பதிவு, டிராஃப்டிங், கோர்ட் அனுபவம். மூன்றும் உன்னிடம் உண்டு. ஆனால் முதல் பக்கம் முழுக்க மூட் கோர்ட் பரிசும் கலைவிழாப் பொறுப்பும்தான் இருக்கின்றன. அவை கடைசியில் இரண்டே வரியாகப் போகட்டும்.

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் பதிவெண்ணும் வருடமும் உன் பெயருக்கு நேர் கீழே வர வேண்டும். அகில இந்திய பார் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோம். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதாகச் சொன்னாயே, அதையே எழுது. மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

அடுத்து டிராஃப்டிங். "சிறந்த டிராஃப்டிங் திறன்" என்று எல்லாரும்தான் எழுதுகிறார்கள், அதை வெட்டிவிடு. நீ எதை எழுதினாய் என்று சொல். இப்படி:

"காசோலை வழக்குகளில் பிரிவு 138 நோட்டீஸ், புகார் மனு. சிவில் வழக்குகளில் ரிட்டன் ஸ்டேட்மென்ட், ஆணை 39-இன் கீழ் இடைக்காலத் தடை மனு, அதற்கான பிரமாணப் பத்திரம். முதல் வரைவு என்னுடையது. சீனியர் திருத்திய பின் தாக்கலானவை."

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடாதே. புதிதாக வந்தவனின் வரைவு திருத்தப்படாமல் தாக்கலாகாது என்பது அவர்களுக்குத் தெரியும். மாதிரி வரைவு கேட்டால் 138 நோட்டீஸையே கொடு; காசோலை திரும்பியதாக வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்ற கெடுவைக் கவனித்திருக்கிறாயா என்று அதிலேயே தெரிந்துவிடும். கட்சிக்காரர் பெயர், கணக்கு எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுக் கொடு.

எனக்கு உறுத்தியது கோர்ட் பகுதிதான். "2023 முதல் சிட்டி சிவில் கோர்ட்டில் பல வழக்குகளில் ஆஜர்" என்று போட்டிருக்கிறாய். 2023-இல் நீ மாணவன். பதிவு இல்லாமல் எப்படி ஆஜராவாய்? வாசிக்கிற பார்ட்னர் பதிவு வருடத்தைப் பார்த்ததும் பிடித்துவிடுவார், அப்புறம் மற்ற வரிகளையும் நம்பமாட்டார். காலத்தை இரண்டாகப் பிரி. இன்டர்னாக இருந்தபோது கேஸ் கட்டு தயார் செய்தது, சாட்சி விசாரணையைக் கவனித்துக் குறிப்பெடுத்தது. பதிவுக்குப் பிறகு வாய்தா கேட்டது, ஐ.ஏ. தாக்கல் செய்தது, ரிடர்ன் ஆன பிளெயின்ட்டின் குறைகளைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்தது. இந்த ரிடர்ன் வேலையை ஏன் எழுதவே இல்லை? ஃபைலிங் செக்‌ஷனில் அலைந்து பழகிய ஜூனியர் கிடைப்பதுதான் எந்த ஆபீசுக்கும் கஷ்டம்.

இன்னொன்று: சட்ட அறிவு என்ற இடத்தில் சி.ஆர்.பி.சி. மட்டும் இருக்கிறது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ்.ஸையும் சேர்.

கடைசி நாள் புதன். ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தி ஒரே பக்கமாக அனுப்பு, இன்னொரு தடவை பார்த்துவிடுகிறேன்.

அண்ணன்