ஆறு மின்கட்டண ரசீதுகளும் ஒரு சோலார் வாட்டர் ஹீட்டரும்

(கோவைக் கடையின் காணொளி விளம்பரத்துக்கான உரை. கடை உரிமையாளரே பேசுகிறார்.)

காட்சி: வடவள்ளியில் ஒரு வீட்டின் மொட்டை மாடி, காலை ஏழு மணி. தண்ணீர்த் தொட்டிக்குச் சற்றுக் கீழே, தெற்கு நோக்கிச் சாய்ந்த கண்ணாடிக் குழாய்கள். அவற்றின் மேல் விளிம்பில் நீள்உருளைத் தொட்டி.

உரிமையாளர்: வணக்கம். என் பின்னால் இருப்பது 150 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர். இதை வாங்கினால் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு மிச்சமாகும், எந்த வீட்டுக்கு மிச்சமே ஆகாது என்பதை, கணக்கின் ஒவ்வொரு படியையும் காட்டிச் சொல்லப்போகிறேன். "மின்கட்டணம் பாதியாகும்", "இரண்டே ஆண்டில் போட்ட பணம் திரும்பும்" என்ற சொற்களை நீங்கள் கேட்டிருக்கலாம். அவற்றை நாங்கள் சொல்வதில்லை, ஏனென்றால் கணக்கு அப்படி வருவதில்லை.

காட்சி: குளியலறை. பதினைந்து லிட்டர் வாளியில் குழாய் நீர் நிரம்புகிறது. அதில் வெப்பமானி, முள் 25 பாகையில் நிற்கிறது.

உரிமையாளர்: நான்கு பேர் உள்ள குடும்பம் என்று கொள்வோம். ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு வாளி, அதாவது 30 லிட்டர் வெந்நீரில் குளிக்கிறார். மொத்தம் 120 லிட்டர். குழாய் நீர் 25 பாகை, குளிக்க ஏற்ற சூடு 40 பாகை. இந்த 15 பாகையை ஏற்ற 2.1 யூனிட் மின்சாரம் வேண்டும். கீசரின் தொட்டியிலும் குழாயிலும் வீணாகும் சூட்டையும் சேர்த்து, நாளொன்றுக்கு 2.5 யூனிட் என்று வைத்திருக்கிறோம். வெயில் கொளுத்தும் நாள்களில் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர்களும், வெளியூர் செல்பவர்களும் இருப்பதால், ஆண்டுக்கு 365 நாளைப் பிடிக்காமல் 300 நாளை மட்டுமே பிடித்திருக்கிறோம். அதன்படி கீசருக்கு ஆண்டுக்கு 750 யூனிட் செலவாகிறது.

இதை முழுவதும் சூரியன் தந்துவிடாது. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் நமக்கு ஜூன், ஜூலை மாதங்களில் வானம் மூடியிருக்கும். வடகிழக்குப் பருவமழையிலும் சில நாள்கள் அப்படித்தான். அந்த நாள்களில் உங்கள் பழைய கீசரைத்தான் போட வேண்டியிருக்கும். ஆகவே அதைக் கழற்றி விற்றுவிட வேண்டாம். ஐந்தில் நான்கு பங்கை மட்டும் வெயில் தரும் என்று எடுத்துக்கொண்டால், மிச்சம் ஆண்டுக்கு 600 யூனிட். இரண்டு மாதக் கணக்குக்கு 100 யூனிட்.

காட்சி: சாப்பாட்டு மேசை. பரப்பி வைக்கப்பட்ட ஆறு மின்கட்டண ரசீதுகள். உரிமையாளரின் விரல் "560 யூனிட்" என்ற வரியில் நிற்கிறது.

உரிமையாளர்: அந்த 100 யூனிட்டின் விலை எல்லா வீட்டுக்கும் ஒன்றல்ல. இந்தக் கணக்கு முழுவதும் ஜூலை 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வீட்டுக் கட்டண விகிதப்படி போட்டது. இரண்டு மாதத்தில் 560 யூனிட் ஓடும் வீட்டுக்கு வரும் கட்டணம் 2,544 ரூபாய். அதே வீடு 460 யூனிட்டுக்கு இறங்கினால் 1,553 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமன்றி, அதற்குக் கீழுள்ள சில யூனிட்டுகளுக்கும் கூடுதல் விகிதம் விழுவதால்தான் இவ்வளவு வித்தியாசம். ஆறு ரசீதும் இப்படியே இருந்தால் ஆண்டுக்கு 5,946 ரூபாய் மிச்சம்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் ஏசி ஓடும் மாதங்களில்தான் 500-ஐத் தாண்டுகிறது. மூன்று ரசீதில் 560-உம், மற்ற மூன்றில் 450-உம் என்றால், ஆண்டு மிச்சம் 4,623 ரூபாய்தான். ஆறு ரசீதும் 380 யூனிட் அளவிலேயே இருக்கும் வீட்டுக்கு 2,820 ரூபாய்.

காட்சி: மீண்டும் மொட்டை மாடி. பணியாளர் ஒரு கண்ணாடிக் குழாயை உருவி எடுக்கிறார். உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது.

உரிமையாளர்: இனி செலவைப் பாருங்கள். எங்களிடம் இந்த 150 லிட்டர் கலனின் விலை 27,000 ரூபாய். குழாய் வேலைக்கு, குளியலறை 12 மீட்டர் தொலைவுக்குள் இருந்தால், 6,000 ரூபாய். ஆக மொத்தம் 33,000. பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியம் மின்சாரம் தயாரிக்கும் தகடுகளுக்கு உரியது. வெந்நீர்க் கலனுக்கு அது கிடையாது. யாராவது மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இப்போது நீங்கள் பார்க்கும் வெள்ளைப் படிவம் ஆழ்துளைக் கிணற்று நீரால் வந்தது. சிறுவாணி நீர் வரும் வீட்டில் இது குறைவு. போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை கழுவியே ஆக வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாயும், ஏழாம் ஆண்டில் ரப்பர் வளையங்களும் உடைந்த ஓரிரு குழாய்களும் மாற்ற 3,000 ரூபாயும் சேர்த்திருக்கிறோம். தொட்டிக்கு நாங்கள் எழுத்தில் தரும் உத்தரவாதம் ஐந்து ஆண்டு. கலன் 12 ஆண்டு உழைக்கும் என்பது கணக்குக்காக நாங்கள் கொண்ட எண்ணிக்கையே தவிர, வாக்குறுதி அன்று.

பராமரிப்பைக் கழித்தால், ஆறு ரசீதும் 560 ஆக இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு நிற்பது 4,946 ரூபாய். போட்ட பணம் ஏறக்குறைய ஆறேமுக்கால் ஆண்டில் திரும்பும். 12 ஆண்டு முடிவில், உதிரிச் செலவும் போக, கையில் நிற்பது 23,352 ரூபாய். பாதி ரசீதுகள் மட்டும் 500-ஐத் தாண்டும் வீட்டில், உதிரிச் செலவையும் சேர்த்தால் பணம் திரும்பவே ஏறக்குறைய பத்து ஆண்டு ஆகும். இறுதியில் நிற்பது 7,476 ரூபாய். 380 யூனிட் வீட்டுக்கு 12 ஆண்டில் போட்ட பணம் திரும்பாது. பணத்தை மிச்சப்படுத்துவதற்காக என்றால், அந்த வீட்டுக்கு நாங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை.

"அந்த 33,000 ரூபாயை வங்கியில் போட்டால் வட்டி வராதா?" என்று கேட்பவர்கள் உண்டு, அது சரியான கேள்வி. ஆறரை விழுக்காட்டுக் கூட்டு வட்டியில் அந்தத் தொகை 12 ஆண்டில் சுமார் 70,000 ஆகும். கலனை வாங்கி, மிச்சமாகும் 4,946 ரூபாயை ஆண்டுதோறும் அதே வட்டிக்குப் போட்டு வந்தால், உதிரிச் செலவு போகச் சுமார் 82,000 ஆகும். முதல் வீட்டுக்கு வாங்குவதால் உண்மையான ஆதாயம் 12,000 ரூபாய் அளவு. மின்கட்டணம் ஏறினால் இது கூடும். ஏறும் என்று நாங்கள் எங்கும் சேர்க்கவில்லை.

காட்சி: குளியலறைக் குழாய் திறக்கப்படுகிறது. முதலில் வரும் குளிர்ந்த நீரை ஒரு பெண் தனி வாளியில் பிடிக்கிறார்.

உரிமையாளர்: குழாயில் இரவெல்லாம் தங்கிய சுமார் மூன்று லிட்டர் நீர் ஆறிப்போயிருக்கும், அது முதலில் வரும். அதை வாளியில் பிடித்துத் துணி அலசவோ செடிக்கு ஊற்றவோ பயன்படுத்துங்கள். காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை தென்னை நிழலோ பக்கத்துக் கட்டட நிழலோ விழும் மாடியில் நாங்கள் கலனைப் பொருத்துவதில்லை. மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதி கலனைவிட உயரத்தில் இல்லையென்றால், மேடை கட்டும் செலவு தனி. அதை முன்கூட்டியே எழுதித் தந்துவிடுவோம்.

காட்சி: கடை. மேசையில் ஒரு கால்குலேட்டரும் கோடிட்ட தாளும்.

உரிமையாளர்: கடந்த ஓராண்டின் ஆறு ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வீட்டில் எத்தனை பேர், போர் தண்ணீரா சிறுவாணியா, மாடியில் நிழல் விழுகிறதா என்று கேட்டு, உங்கள் எண்களைக் கொண்டே இதே கணக்கைத் தாளில் போட்டுத் தருவோம். அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நிதானமாகச் சரிபார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். அதற்குமுன் முன்பணம் வாங்க மாட்டோம். எங்கள் கடை சாய்பாபா காலனியில், ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பத்து மணி முதல் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும்.

திரையில் எழுத்து: 4 பேர், 120 லிட்டர், 300 நாள், வெயிலின் பங்கு 80 விழுக்காடு, ஜூலை 2024 கட்டண விகிதம், கலனின் ஆயுள் 12 ஆண்டு என்னும் அனுமானங்களின்படி. உங்கள் வீட்டில் இவை மாறினால் மிச்சமும் மாறும்.